எக்ஸ் தளத்தில் 5,000 பேரோடு ஃபாலோ நின்றுபோவது ஏன்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம். மேட்டூர் நீர்மட்டம், மழை, நெல் கொள்முதல் பற்றி எழுதுபவர்களை எல்லாம் எக்ஸில் ஃபாலோ பண்ணிக்கொண்டே வந்தேன். புதுக் கணக்கு, எனக்கு ஃபாலோயர் 300 பேர்தான். 5,000 பேரைத் தொட்டதும் இனி முடியாது என்கிறது. மறுநாளும் அதேதான். எப்படிச் சரிசெய்வது?

பதில்:

எக்ஸில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று நாள் கணக்கு: கட்டணச் சரிபார்ப்பு இல்லாத கணக்கு ஒரு நாளைக்கு 400 பேரை ஃபாலோ செய்யலாம். 2019 வரை இது 1,000 ஆக இருந்தது. கும்பலாக ஃபாலோ செய்து, பதிலுக்கு ஆள் சேர்ந்ததும் கழற்றிவிடும் ஸ்பேம்காரர்களால்தான் குறைத்தார்கள். இந்தத் தடையில் மாட்டியிருந்தால் ஒரு நாள் பொறுத்தால் வழி விட்டுவிடும். உங்களுக்கு மறுநாளும் விடவில்லை, எண்ணும் சரியாக 5,000. அதனால் இது இரண்டாவது தடை.

5,000 பேர் வரை உங்கள் ஃபாலோயர் எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத் தாண்ட வேண்டுமென்றால், நீங்கள் ஃபாலோ செய்பவர்களுக்கும் உங்களை ஃபாலோ செய்பவர்களுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். அந்த விகிதம் கணக்குக்குக் கணக்கு மாறும், வெளியே சொல்லவும் மாட்டார்கள். இத்தனை ஃபாலோயர் வந்தால் திறக்கும் என்று யாராவது எண் சொன்னால் அது அவர்கள் ஊகம். முன்பு இந்தக் கோடு 2,000-இல் இருந்தது. 2015-இல்தான் 5,000 ஆக்கினார்கள், அதனால் பழைய பதிவுகளில் வேறு எண் இருக்கும். உதவி மையத்துக்கு எழுதிப் பயனில்லை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்த வரம்பைத் தளர்த்துவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

300 ஃபாலோயரோடு விகிதம் சரியாகக் காத்திருந்தால் குறுவை போய் தாளடியே வந்துவிடும். 200 பேரை அன்ஃபாலோ செய்தால் எண் 4,800 ஆகும், திரும்பவும் 200 பேருக்கு இடம் கிடைக்கும். ஆனால் தினமும் இப்படிக் கழற்றி மாட்டாதீர்கள். ஸ்பேம்காரர்கள் செய்வதும் இதைத்தான், கணக்கையே முடக்க வாய்ப்புண்டு. உறங்கிப்போன கணக்குகளையும் ஊருக்குச் சம்பந்தமில்லாதவற்றையும் பார்த்து ஒரு முறை களையுங்கள், போதும்.

உங்கள் தேவைக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த கணக்குகளின் பதிவுகளை மட்டும் தனியாகக் காட்டும் லிஸ்ட்தான் சரி. ஒருவரை லிஸ்டில் சேர்க்க ஃபாலோ செய்யவே தேவையில்லை, அது 5,000 கணக்கிலும் வராது. ஒரு லிஸ்டில் 5,000 கணக்குகள் வரை போடலாம். மழைக்கு ஒன்று, அணை நிலவரத்துக்கு ஒன்று, கொள்முதலுக்கு ஒன்று என்று வைத்து, அவற்றை ‘Pin’ செய்துகொள்ளுங்கள். முகப்பிலேயே தனித்தனி டேபாக வரும். பிரைவேட்டாக வைத்தால், சேர்த்தது அவர்களுக்குத் தெரியாது. (5,000 பேர் கலந்து ஓடும் ஃபீடில் அணை திறப்புச் செய்தியை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ!)

ஒரே சிக்கல், பூட்டிய கணக்குகள். அவர்கள் உங்கள் ஃபாலோ கோரிக்கையை ஏற்காதவரை லிஸ்டில் சேர்த்தாலும் பதிவு தெரியாது. களைந்து கிடைக்கும் இடத்தை அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.