இண்டக்ஷன் அடுப்புக்கு எந்த சாக்கெட், எந்த ஒயர்?

கேள்வி: 2000 வாட் அடுப்பு வாங்கினேன். பிளக் பின் தடிமனாக இருந்தது, சமையல் மேடை பாயிண்டில் நுழையவில்லை. கடைக்காரரே ஒரு கன்வர்ஷன் பிளக் கொடுத்தார். நன்றாகத்தான் வேலை செய்தது. இப்போது சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பாக இருக்கிறது, லேசாக வாடை வருகிறது. எம்சிபி ஒருமுறைகூட விழவில்லையே? – வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: முதலில் அந்தப் பாயிண்டை உபயோகிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

2000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். உங்கள் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதற்குப் பின்னால் இருக்கும் எம்சிபி பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியராக இருக்கும். அதன் கணக்கில் 8.7 சாதாரண விஷயம், அதனால் விழாது. சாக்கெட் உருகுவது அதற்குத் தெரியவும் தெரியாது. எம்சிபி காவல் காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. முன்னால் இருக்கும் பித்தளைக் கவ்வியை அல்ல.

சூடு பிறப்பது அந்தக் கவ்வியில்தான். பின்னும் கவ்வியும் இறுக்கமாகத் தொடாத இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் கிட்டத்தட்ட 38 வாட் சூடு உண்டாகும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறீர்கள். சூட்டில் கவ்வியின் விறைப்பு போகும், பிடி தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். அதே பாயிண்டில் மிக்ஸி ஒன்றும் ஆகாமல் ஓடுவதற்குக் காரணம், அது 3 ஆம்பியர் அளவில் சில நிமிடம் ஓடி நின்றுவிடுவதுதான். அடுப்பு ஒரு சாம்பார் கொதிக்கும்வரை ஓடும்.

கன்வர்ஷன் பிளக்கைப் பற்றி எனக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல் உண்டு. கம்பெனிக்காரன் தடிமனான பின் வைத்ததே, அது சின்ன சாக்கெட்டில் நுழையக் கூடாது என்பதற்காக. அந்த ஒரே தடுப்பையும் ஐம்பது நூறு ரூபாய் பிளாஸ்டிக் துண்டு தட்டிவிடுகிறது. அதன் மேல் ‘16 ஆம்ப்’ என்று அச்சடித்திருந்தாலும், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பின்கள் போய் உட்காருவது 6 ஆம்ப் கவ்வியில்தானே. அடுப்பு விற்கும் கடையிலேயே இதையும் சேர்த்து விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏமாந்தது நீங்கள் இல்லை, ஏமாற்றியது அவர்.

தேவையானது 16 ஆம்ப் சாக்கெட், 16 ஆம்ப் ஸ்விட்ச், மெயின் பாக்ஸிலிருந்து தனியாக வரும் 2.5 ஸ்கொயர் எம்எம் தாமிர ஒயர், அதற்கென்று ஒரு 16 ஆம்ப் எம்சிபி. எர்த் ஒயரும் கூடவே வர வேண்டும். கருகிய கன்வர்ஷன் பிளக்கைக் குப்பையில் போடுங்கள். அடுப்பின் சொந்தப் பின் கறுத்துச் சொரசொரப்பாகியிருந்தால் அந்தப் பிளக்கையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புது சாக்கெட்டையும் அது கெடுக்கும்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் வந்து ‘பவர் பிளக்’ வைத்துத் தந்தார், 1,200 ரூபாய் வாங்கினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனாலும் அடுப்பும் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் போர்டு சுடுகிறது. – இல்லத்தரசி, மதுரை

பதில்: அம்மா, அரை மணி நேரத்தில் மெயின் பாக்ஸிலிருந்து புது ஒயர் இழுக்க முடியாது. அவர் முகப்பை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னால் பழைய 1 ஸ்கொயர் எம்எம் ஒயரே இருக்கும், அதுவும் பக்கத்து பாயிண்டிலிருந்து லூப் எடுத்ததாக இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். அடுப்பு 8.7 ஆம்பியர், 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர், மொத்தம் 15.2. குழாய்க்குள் ஓடும் 1 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு இது தாங்காது. எம்சிபி 16 ஆம்பியராக இருந்தால் அது விழவே விழாது. ஒயர் சுவருக்குள் நிதானமாக வெந்துகொண்டிருக்கும். முன்பு சின்ன சாக்கெட்டாவது தடுத்தது, இப்போது அந்தத் தடையும் இல்லை.

சரிபார்ப்பது எளிது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஒயரின் உறை மேலேயே அளவு அச்சாகியிருக்கும். 2.5 என்று இல்லாவிட்டால், வேலையை முடித்துக் கொடுக்கும்படி அவரையே கூப்பிடுங்கள். கூலியை வாங்கியது அதற்குத்தான். ஒயர் மாற்றும்வரை அடுப்பும் கெட்டிலும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் சமையலறையில் ஒரே ஒரு 16 ஆம்ப் பாயிண்ட். அதில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது. – பெரம்பூர்

பதில்: ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஓடும்போது ஒரு ஆம்பியர் அளவே இழுக்கும். அதன் பிளக் 6 ஆம்ப் பின்னாக இருந்தால் அதைச் சின்ன பாயிண்டுக்கு நகர்த்துங்கள், பவர் பாயிண்டை அடுப்புக்குக் கொடுங்கள்.

கேள்வி: பவரைக் குறைத்து 600 வாட்டில் வைத்தால் 6 ஆம்ப் சாக்கெட் போதும்தானே?

பதில்: பல அடுப்புகள் குறைந்த பவரில் மெதுவாக எரிவதில்லை. அதிக வாட்டில் சில விநாடி ஓடி, சில விநாடி நின்று, சராசரியைத்தான் 600 என்று காட்டும். பால் பொங்கி அடங்கி, மறுபடி பொங்குவதைப் பார்த்திருப்பீர்களே. ஓடும் அந்த விநாடிகளில் சாக்கெட் சுமப்பது திரையில் தெரியும் 600 வாட்டை அல்ல.

கேள்வி: டைனிங் டேபிளில் வைக்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். அடுப்பைப் பாயிண்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: ஒயர் காயில் விலை கடைக்குக் கடை பாதிக்குப் பாதி வித்தியாசப்படுகிறது. எதை நம்புவது? – திண்டுக்கல்

பதில்: பாதி விலைக் காயிலை நானும் ஒருமுறை வாங்கிவந்தேன். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குத் தாமிர முலாம். காசு போனது போனதுதான்.

தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். 90 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் காயிலில் தாமிரம் மட்டும் சுமார் 2 கிலோ இருக்க வேண்டும், மேல் உறை தனி. மொத்தக் காயிலே 2 கிலோவுக்குக் குறைந்தால் ஒன்று தாமிரம் இல்லை, அல்லது இழை மெலிந்தது, அல்லது நீளம் குறைவு. ஐஎஸ்ஐ முத்திரையோடு IS 694 என்ற எண்ணும், CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை BIS Care செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று காட்டும். சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் உரிய எண் IS 1293. பில் கேட்டு வாங்குங்கள். பில் தரத் தயங்கும் கடையில் ஒயர் வாங்காதீர்கள்.

கேள்வி: எர்த் பின் இடித்ததால் ரம்பத்தால் அறுத்துவிட்டேன். அடுப்பு வழக்கம்போல் ஓடுகிறது. பாத்திரத்தைத் தொட்டால்தான் சுர்ரென்கிறது. எந்தக் கம்பெனிப் பாத்திரம் வாங்கலாம்?

பதில்: பாத்திரமா? பிளக் வாங்குங்கள் ஐயா, மூன்று பின்னோடு.