கைமாற்ற வேண்டிய வேலைகள்

கேள்வி: பல வருடங்களாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஐந்து பேர் கொண்ட டீமுக்கு லீட் ஆக்கினார்கள். பகலில் மீட்டிங், ராத்திரியில் என் பழைய டிக்கெட்கள். பிறரிடம் கொடுத்தால் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: ஆகட்டும். முதல் மூன்று மாதம் வேலை மெதுவாகத்தான் நகரும் என்று மேலாளரிடம் இந்த வாரமே சொல்லி, தேதிகளை அதற்கேற்ப வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போன பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

அப்புறம், உங்களுக்கு மட்டுமே தெரிந்த வேலைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொருவரிடமும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசி, எதைக் கற்றுக்கொள்ள விருப்பம், எதற்காக உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். டிக்கெட் நிலவரத்தை அங்கே கேட்காதீர்கள், அதற்குத் தினசரி மீட்டிங் இருக்கிறது.

பட்டியலில் முதலில் இருப்பது மெதுவாக ஓடும் குவெரியைச் சரிசெய்வது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை நீங்கள் செய்யுங்கள், அதைக் கற்றுக்கொள்ள விரும்பியவர் பார்க்கட்டும். `EXPLAIN` காட்டுவதில் ஏன் அந்த வரியில் நின்றீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். போஸ்ட்கிரஸ் என்றால், `EXPLAIN ANALYZE` குவெரியை நிஜமாகவே ஓட்டிவிடும், அதை `DELETE`-க்கு முன்னால் போட்டால் தரவு போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் பழகிப்போனதால் சொல்ல மறப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

இரண்டாம் முறை கீபோர்டு அவரிடம். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும், கஷ்டமான கட்டம் இதுதான். நீங்கள் போடும் இண்டெக்ஸ் வேறாக இருக்கலாம். அவருடையதும் வேலை செய்தால் விட்டுவிடுங்கள். மூன்றாம் முறை அவர் தனியாகச் செய்துவிட்டு உங்களிடம் சொன்னால் போதும். சோதனைச் சூழலில் எதையும் அவரே முடிவு செய்யலாம், லைவில் பெரிய டேபிளைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று எல்லையை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நீங்கள் கோட் எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. யாரும் காத்திருக்காத சின்ன வேலைகளை எடுங்கள். மீட்டிங்குகளுக்கு நடுவே உங்கள் டிக்கெட் மாட்டிக்கொண்டால் மொத்த ஸ்பிரிண்டும் நிற்கும். ரிவ்யூவில் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் 'கட்டாயம்' அல்லது 'என் விருப்பம்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் லீட் சொன்ன எல்லாமே உத்தரவாகிவிடும்.

'நீங்களே பார்த்துடுங்களேன்' என்று யாராவது வந்தால், இதுவரை எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ராத்திரி லைவ் விழுந்தால் மட்டும் இந்த விதி கிடையாது. இறங்கிச் சரிசெய்துவிட்டு, காரணத்தை மறுநாள் அவரை எழுத வையுங்கள்.

மூன்றாவது மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் எதற்கெல்லாம் போன் வந்ததோ, அதெல்லாம் இன்னும் கைமாறாத வேலை.