ஸ்பானிஷ் 'ஓஹலா'வுக்கு அடுத்து எந்த வினை வரணும்?

கேள்வி: என் காதலி மெக்சிகோவில் குவாதலஹாராவில் இருக்கிறாள். டிசம்பரில் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். 'வருவாய் என்று நம்புகிறேன்' என்று சொல்ல நினைத்து போனில் "எஸ்பெரோ கே பியெனெஸ்" என்றேன், சிரித்துவிட்டாள். அடுத்த நாள் 'நீ வரணும்' என்ற ஆசையில் "ஓஹலா பினியெராஸ்" என்றேன், "ஏன், நான் வரமாட்டேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டாள். ரெண்டிலும் என்ன தப்பு?

பதில்: முதலாவது இலக்கணப் பிழை. இரண்டாவதில் இலக்கணம் சரிதான், ஆனால் நீங்கள் சொல்ல நினைத்தது ஒன்று, அவள் காதில் விழுந்தது இன்னொன்று.

தமிழில் "வருவாய் என்று நம்புகிறேன்" என்கிறோம். 'வருவாய்' என்பது சாதாரண வினைதான், 'என்று' போட்டுக் கோத்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் 'பியெனெஸ்' வந்துவிடுகிறது. ஸ்பானிஷில் ஒருவர் ஆசைப்பட்டு, அது இன்னொருவர் செய்யவேண்டிய காரியமாக இருந்தால், நம் 'என்று' மாதிரியான 'கே'க்குப் பின்னால் வரும் வினை, ஆசை போன்றவற்றைச் சொல்லும் சப்ஜங்ட்டிவ் என்ற வினை வடிவத்துக்கு மாறியாக வேண்டும்: எஸ்பெரோ கே பெங்காஸ். 'நீ வரணும்' என்பதற்கான கியெரோ கே பெங்காஸும் அப்படியே. உருவாக்குவது கஷ்டமில்லை. 'நான் வருகிறேன்' என்பதற்கான 'பெங்கோ'வை எடுங்கள், கடைசி 'ஓ'வை விட்டுவிட்டு 'ஆஸ்' சேருங்கள், பெங்காஸ். மூல வடிவம் 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு மட்டும் 'ஆஸ்' இடத்தில் 'எஸ்' வரும். இந்த வழிக்கு அடங்காத வினைகள் சில உண்டு, அவற்றைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்யணும்.

ஆனால் ஆசைப்படுபவரும் செய்பவரும் ஒருவரே என்றால் 'கே'யும் வேண்டாம், சப்ஜங்ட்டிவும் வேண்டாம். 'உன்னைப் பார்க்கணும்' என்பதற்குக் கியெரோ பெர்தே, அவ்வளவுதான். புதிதாக சப்ஜங்ட்டிவ் கற்றவர்கள் அந்த உற்சாகத்தில் "கியெரோ கே தே பேயா" என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர், பார்க்கப்போவது வேறு யாரோ என்று குழம்புவார்.

இனி 'ஓஹலா', 'நடக்கணுமே' என்று ஆசைப்படும் சொல். இதற்குப் பின்னால் எப்போதுமே சப்ஜங்ட்டிவ்தான், நடுவில் 'கே' போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. எந்தக் காலத்து சப்ஜங்ட்டிவ் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆசை நடக்கும் என்று நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதை அதுதான் சொல்கிறது.

நிகழ்கால சப்ஜங்ட்டிவில் ஓஹலா பெங்காஸ் என்றால் 'நீ வரணும், வருவாய் என்ற நம்பிக்கையும் இருக்கு'. கதவு திறந்தே இருக்கிறது. இறந்தகால சப்ஜங்ட்டிவில் ஓஹலா பினியெராஸ் என்றால் 'நீ வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், ஆனா எங்கே வரப்போற' என்ற ஏக்கம். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் அப்படித்தானே கேட்பாள்? ஓஹலா உபியெராஸ் பெனிதோ என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது, நம்முடைய 'வந்திருக்கலாமே' மாதிரி, கொஞ்சம் குறையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் முடிந்து, அவள் வராமல் போயிருந்தால் அதற்கான வாக்கியம் அது.

அதற்காகப் 'பினியெராஸ்' மாதிரியான இறந்தகால வடிவத்தைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த நிமிஷம் அவள் பக்கத்தில் இல்லை என்பது உண்மை, அதனால் ஓஹலா எஸ்துபியெராஸ் அகீ, 'நீ இங்கே இருந்தால்!' என்பது ராத்திரி போனில் சொல்ல மிகச் சரியான வாக்கியம். அங்கே நிகழ்கால 'எஸ்தேஸ்' போட்டால் பொருந்தாது. அதேபோல மே குஸ்தரீயா கே பினியெராஸ் என்றால் அவநம்பிக்கை எதுவும் கிடையாது. 'நீ வந்தால் எனக்குப் பிடிக்கும்' என்று மென்மையாகக் கேட்பது அது, 'குஸ்தரீயா' தன் பின்னால் இந்த வடிவத்தைத்தான் கேட்கும்.

தே எஸ்த்ரான்யோ, 'உன்னை நினைச்சு ஏங்குறேன்', ஏக்கம்தான் என்றாலும் அதில் சப்ஜங்ட்டிவ் இல்லை, இருப்பதைச் சொல்கிறீர்கள். எஸ்த்ரான்யோ கே மே அப்ராசெஸ், அதாவது 'நீ கட்டிக்கொள்வதற்காக ஏங்குறேன்' என்று நீட்டினால்தான் அது வரும்.

சரி, உங்கள் நிலைமைக்கு நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "தே எஸ்த்ரான்யோ மூச்சோ. கியெரோ பெர்தே. ஓஹலா தே தென் பகாசியோனெஸ். குவாந்தோ பெங்காஸ், பாமோஸ் அல் மார்." ரொம்ப ஏங்குறேன், உன்னைப் பார்க்கணும், உனக்கு லீவு கிடைக்கணும், நீ வரும்போது கடலுக்குப் போவோம். கடைசி வரியில் இன்னும் நடக்காத வருகை என்பதால் 'பெங்காஸ்'. அங்கே 'பியெனெஸ்' என்று சொன்னால், அவள் அடிக்கடி வந்துபோகிறவள் மாதிரி 'நீ வரும்போதெல்லாம்' என்று ஆகிவிடும்.