பளபளக்கும் ஹுட், பிசுக்கேறிய டக்ட்: கேள்வி-பதில்

ஃபில்டரைத் தினமும் ராத்திரி சுடுதண்ணியில ஊறப்போட்டுக் கழுவுறோம். ஹுட்டையும் துடைச்சு வைக்கிறோம். அதுக்கப்புறமும் டக்ட்டைச் சுத்தம் பண்ணணுமா?
– ஹோட்டல் உரிமையாளர், ஈரோடு

பண்ணத்தான் வேண்டும். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூண்டுதான் ஹுட், அங்கிருந்து அதை மாடிக்குக் கொண்டுபோகும் தகட்டுக் குழாய்தான் டக்ட். ஹுட்டில் இருக்கும் பட்டை ஃபில்டர் காற்றை வளைத்து வளைத்து அனுப்புகிறது. காற்று வளையும்போது கனமான எண்ணெய்த் துளிகளால் கூடவே திரும்ப முடியாது. தகட்டில் மோதி வழிந்து தொட்டிக்கு வரும். ஆனால் தோசைக்கல்லிலிருந்தும் வாணலியிலிருந்தும் எழும் எண்ணெயில் ஒரு பங்கு துளியாக இருப்பதில்லை, ஆவியாகவும் மிக நுண்ணிய தூசாகவும் இருக்கிறது. அது ஃபில்டரைத் தாண்டிப் போய், டக்ட்டின் தகடு எங்கே சூடு குறைவாக இருக்கிறதோ அங்கே படிகிறது. அடுப்புக்கு நேர் மேலே தகடு சூடாக இருப்பதால் அங்கே குறைவாகத்தான் படியும். படுக்கையாக ஓடும் பகுதியின் அடித்தகடு, முழங்கை வளைவுகள், மொட்டைமாடி ஃபேனின் இறக்கைகள், இவைதான் பிசுக்கு சேரும் இடங்கள். மூன்றுமே கீழே நின்று பார்த்தால் தெரியாதவை.

எவ்வளவு சேரும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 450 மி.மீ. சதுர டக்ட், அடுப்படியிலிருந்து மாடி வரை 20 மீட்டர் நீளம் என்று வையுங்கள். நான்கு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 1.8 மீட்டர், உட்பரப்பு 36 சதுர மீட்டர். எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காதுதான். கணக்குக்காகச் சராசரி 2 மி.மீ. என்று எடுத்தால் 72 லிட்டர். அதாவது 15 கிலோ எண்ணெய் டின் நான்குக்கும் மேல் உடைத்து, கட்டடத்தின் நடுவே போகும் குழாய்க்குள் பூசி வைத்ததற்குச் சமம்.

இன்னொன்று: கழுவிய ஃபில்டர் காய்கிற வரை அதை மாட்டாமலே சமைப்பது பல கடைகளில் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் துளியும் தீச்சுடரும் நேராக டக்ட்டுக்குள் போகும். ஒரு செட் கூடுதலாக வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மாட்டும்போது பட்டைகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்காக மாட்டினால் எண்ணெய் வழியாமல் பட்டைக்குள்ளேயே தேங்கும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? ஒருத்தர் மூணு மாசம்கிறார், ஒருத்தர் வருஷத்துக்கு ஒண்ணு போதும்கிறார்.
– மேலாளர், பிரியாணிக் கடை, ஆம்பூர்

அடுப்பைப் பொறுத்தது. பல நாடுகளில் எடுத்தாளப்படும் அமெரிக்க விதியான என்எஃப்பிஏ 96 இப்படிப் பிரிக்கிறது: விறகு, கரி எரியும் அடுப்புக்கு மாதம் ஒரு முறை, 24 மணி நேரச் சமையல், சீன வாணலி, கிரில் போன்ற கனமான வேலைக்கு மூன்று மாதம், நடுத்தர வேலைக்கு ஆறு மாதம், எப்போதாவது சமைக்கும் இடத்துக்கு ஒரு வருடம். உங்கள் பிரியாணி விறகில் வேகிறதென்றால் மாதக் கணக்கு. காஸ் அடுப்பில் காலை முதல் நள்ளிரவு வரை ஓடினால் மூன்று மாதம்.

ஆனால் இந்தக் கெடு டக்ட்டைத் திறந்து பார்ப்பதற்கானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுத்தம் செய்யும் நாளைப் பிசுக்கின் கனம்தான் முடிவு செய்கிறது. பல் வைத்த சீப்பு போன்ற ஒரு அளவுகோல் உண்டு. தகட்டில் அழுத்தி இழுத்தால் எந்தப் பல் வரை பிசுக்கு ஒட்டுகிறது என்று காட்டும். 2 மி.மீ. வந்துவிட்டால் அமெரிக்க விதிப்படி உடனே சுத்தம் செய்ய வேண்டும். பிரிட்டனில் இன்னும் கறார்: சராசரி 0.2 மி.மீ. தாண்டினாலே சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். ஏடிஎம் கார்டின் கனம் சுமார் 0.76 மி.மீ. என்பதால், மூன்று கார்டு அடுக்கினால் 2 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். அந்த அளவுக்குப் பிசுக்கைப் பார்த்தால் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம்.

உங்கள் கடைக்கான கெடுவை நீங்களே கண்டுபிடிக்கலாம். சுத்தம் செய்த 30-ஆம் நாள் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: ஹுட்டுக்கு மேலே, முதல் வளைவில், ஃபேனுக்கு முன்னால். மூன்றில் மோசமான இடத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். வளைவில் 0.4 மி.மீ. என்றால் 150 நாளில் 2 மி.மீ. ஆகும். அதுவரை காத்திருக்காமல் நூறு நாளில் ஆளைக் கூப்பிடுங்கள். தீபாவளி, ரம்ஜான், கல்யாண மாதங்களில் வேகம் கூடும். அப்போது மறுபடி அளந்து பாருங்கள்.

தந்தூர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரி அடுப்புக்குத் தனி டக்ட் வேண்டும், தீப்பொறி தடுக்கும் அமைப்பும் வேண்டும். தந்தூரின் பொறியையும் வறுவல் சட்டியின் எண்ணெயையும் ஒரே குழாயில் சேர்த்து அனுப்புவது பஞ்சையும் நெருப்பையும் ஒரே அறையில் வைக்கிற கதைதான்.

கீழே ஹோட்டல், மேலே லாட்ஜ். டக்ட் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடி, பின்பக்க ஷாஃப்ட் வழியா மாடிக்குப் போகுது. இரும்புத் தகடுதானே, உள்ளே எரிஞ்சாலும் உள்ளேயே அணைஞ்சிடாதா?
– கட்டட உரிமையாளர், கோயம்புத்தூர்

அணையாது. ஏன் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சட்டியில் பற்றிய சுடரை ஃபேன் மேலே இழுக்கிறது. ஃபில்டரில் பிசுக்கு இருந்தால் அது பற்றி, சுடர் டக்ட்டுக்குள் நுழைகிறது. சமையல் எண்ணெய் 350 டிகிரியைத் தாண்டினால் பொறியே இல்லாமல் தானாகப் பற்றக்கூடியது. உள்ளே பூசியிருக்கும் பிசுக்கு உருகி, எரிந்தபடியே ஓடுகிறது. ஓடுகிற ஃபேன் துருத்தி போல ஊதிவிடுகிறது. கீழே அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் பெருமூச்சு விடும்போது மேலே தகடு சிவந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் தகட்டின் கனமும் இணைப்பும் பேசும். அமெரிக்க விதிப்படி 1.37 மி.மீ. கார்பன் இரும்புத் தகடு, அல்லது 1.09 மி.மீ. ஸ்டெயின்லெஸ், இணைப்பு முழுவதும் வெளிப்பக்கம் கசியாத வெல்டிங். நம்மூரில் பெரும்பாலும் ஏசி டக்ட் செய்பவரே மெல்லிய ஜிஐ தகட்டை மடித்து, ஃபிளாஞ்ச் வைத்து, சிலிக்கான் அடித்துக் கொடுத்துவிடுகிறார். ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சிலிக்கான் அதற்கு முன்பே கருகும். இணைப்பு பிரிந்ததும் எரியும் பிசுக்கு சொட்டுச் சொட்டாக ஃபால்ஸ் சீலிங்கின் முதுகில் விழுகிறது. அங்கே வயர், மரச்சட்டம், தெர்மோகோல், எலி இழுத்து வைத்த காகிதம் எல்லாம் இருக்கும்.

இணைப்பு பிரியாவிட்டாலும் ஆபத்து உண்டு. சிவந்த தகடு தொடாமலே பக்கத்து மரத்தைப் பற்றவைக்கும். அதனால்தான் எரியக்கூடிய பொருளிலிருந்து 457 மி.மீ., அதாவது ஒன்றரை அடி இடைவெளி கேட்கிறார்கள். உங்கள் ஷாஃப்ட்டில் அந்த டக்ட்டோடு லாட்ஜின் வயரும் பிவிசி பைப்பும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் தளத்தை உடைத்துப் பைப் விட்ட ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓட்டை திறந்திருந்தால் ஷாஃப்ட் புகைபோக்கியாகிவிடும். கீழே பற்றியது மூன்றாம் மாடி அறையின் கழிவறைக் கூரையில் வெளிவரும்.

"நடுவில் ஃபயர் டாம்பர் போட்டால்?" என்று கேட்பீர்கள். தீ வந்தால் தானாக மூடிக்கொள்ளும் அந்தத் தடுப்புத் தகடு ஏசி டக்ட்டுக்குச் சரி, அடுப்படி டக்ட்டுக்கு அதே விதி தடை செய்கிறது. பிசுக்கு ஏறிய டாம்பர் வேண்டிய நேரத்தில் மூடாது, அதுவே பிசுக்கு தேங்கும் திட்டாகவும் ஆகிவிடும். டக்ட்டைச் சுற்றித் தீ தாங்கும் சுவரோ உறையோ கட்டி, அந்த ஷாஃப்ட்டை அதற்கு மட்டுமே ஒதுக்குவதுதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத தீ எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2007 ஆகஸ்ட் 29 அன்று பாஸ்டன் நகரின் வெஸ்ட் ராக்ஸ்பரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மாடி உணவகம். அடுப்படிப் புகைவழியின் பிசுக்கில் பற்றிய தீ, தொங்கும் கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் யாரும் அறியாமல் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனபோது தலைக்கு மேல் எரிவது கீழே இருந்தவர்களுக்குப் புலப்படவில்லை. காற்றுக்காகக் காத்திருந்த அந்தச் சூடான புகை திடீரெனப் பற்றி இறங்கியது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

டக்ட்டில் தீ என்று தெரிந்தால் முதலில் எதைச் செய்வது? ஃபேனை நிறுத்தணுமா, ஓடவிடணுமா?
– தலைமைச் சமையல்காரர், சென்னை

காஸ் வால்வை மூடுங்கள், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபேனை நிறுத்துங்கள். இவை இரண்டும் எந்த அடுப்படிக்கும் பொது. இழுக்கும் ஃபேன் விஷயத்தில் ஹுட்டுக்குள் ரசாயனம் தெளிக்கும் தானியங்கி அமைப்பு இருக்கிறதா என்பது முக்கியம். இருந்தால், ஃபேன் ஓடும்போதே மருந்தை டக்ட்டுக்குள் இழுக்கும்படி அது பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும். பொருத்தியவர் வைத்ததை மாற்றாதீர்கள். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் ஃபேனை நிறுத்துங்கள். சுவிட்ச் ஹுட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் பயனில்லை. அடுப்படிக் கதவுக்கு வெளியேயும் ஒன்று வேண்டும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். கையடக்க அணைப்பானின் மருந்து ஹுட்டைத் தாண்டி எட்டாது. டக்ட்டில் இருக்கும் பார்வைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. திறந்த கணத்தில் காற்று புகுந்து சுடர் முகத்துக்கு வரும். மேல்மாடிகளைக் காலி செய்துவிட்டு 101 அல்லது 112-க்குச் சொல்லும்போது "அடுப்படியில் தீ" என்று நிறுத்தாமல், "டக்ட்டில் தீ, இத்தனை மாடி ஏறுகிறது" என்று சொல்லுங்கள். டக்ட் எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் வாசலருகே மாட்டியிருந்தால், வண்டி வந்ததும் பத்து நிமிடம் மிச்சம்.

சுத்தம் பண்ண வந்தவங்க ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. முழுசா பண்ணாங்களான்னு எப்படித் தெரியும்?
– உணவக உரிமையாளர், திருச்சி

பார்வைக் கதவுகளை எண்ணுங்கள். சுமார் 3.7 மீட்டருக்கு ஒன்று, அதோடு ஒவ்வொரு திசை மாற்றத்திலும் ஒன்று இருக்க வேண்டும். 20 மீட்டர் டக்ட்டில் கதவே இல்லையென்றால், கீழிருந்து கை எட்டிய இரண்டு மீட்டரும் மேலே ஃபேன் பக்கம் ஒரு மீட்டரும்தான் சுத்தமாகியிருக்கும். நடுவே பழையபடிதான். ஒவ்வொரு கதவிலிருந்தும் இரு பக்கமும் எடுத்த முன்-பின் படங்களைக் கேளுங்கள். எட்டமுடியாத பகுதி எது என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் எழுதித் தருவார்.

சுரண்டி எடுத்த பிசுக்கை மூட்டை கட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தொடாத டக்ட்டிலிருந்து அரை வாளிதான் வந்தது என்றால் சந்தேகப்படலாம். வெறும் உலோகம் தெரிய வேண்டும். விரல் வழுக்கக் கூடாது. மேலே ஃபேனின் மின் இணைப்பைத் துண்டித்து, இறக்கைகளின் பின்பக்கமும் சுரண்டியிருக்க வேண்டும்.

காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீர் இரும்புக்கு நல்லது. ஆனால் ஜிஐ பூச்சையும் அலுமினிய ஃபில்டரையும் அது அரித்துவிடும். உங்கள் டக்ட் என்ன தகடு என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மாடியில் எலக்ட்ரோஸ்டாடிக் வடிகட்டி போட்டாச்சு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் நின்னுடுச்சு. டக்ட் சுத்தம் இனி தேவையா?
– காபி-டிபன் கடை, மயிலாப்பூர்

மின்சாரத்தால் எண்ணெய்த் துகளைப் பிடிக்கும் அந்த இயந்திரம் வெளியே போகும் காற்றைத்தான் சுத்தம் செய்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் டக்ட் முழுவதும் முன்பு போலவே பிசுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. கூடவே, இயந்திரத்துக்குள் எண்ணெய் தேங்கும் தட்டும் தகடுகளும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றையும் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் கழுவ வேண்டும்.