1,255 பேரும் 784 பேரும்

அன்புள்ள ஐயா,

கருத்துக்கணிப்பு மாதிரியின் அளவுக்கு வர்க்கமூலம் கண்டு 98-ஐ அதால் வகுத்தால் பிழை வரம்பு வரும் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2016 தேர்தலுக்கு முன் மார்க்வெட் சட்டக் கல்லூரி வெளியிட்ட கடைசிக் கருத்துக்கணிப்பில் போட்டுப் பார்த்தேன். வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் 1,255 பேர். எனக்கு 2.8 வருகிறது; அறிக்கையில் ±3.5 என்று இருக்கிறது. யார் தவறு?

கவிதா, ஈரோடு

அன்புள்ள கவிதா,

இரண்டும் சரிதான். உங்கள் கணக்கு, குலுக்கிப் போட்டு ஆளெடுத்ததுபோன்ற மாதிரிக்கு உரியது. தொலைபேசியில் கேட்கும்போது அப்படி அமைவதில்லை. வயதானவர்கள் அதிகம் பேசுவார்கள், இளைஞர்கள் எடுக்கவே மாட்டார்கள். அதனால் அகப்பட்ட ஓர் இளைஞரை ஒன்றரை ஆளாகவும், ஒரு முதியவரை முக்கால் ஆளாகவும் எண்ணிச் சரிக்கட்டுகிறார்கள். இந்த எடையிடலால் மாதிரி ஊசலாட்டம் கூடுகிறது. அதைச் சேர்த்துச் சொன்னதுதான் 3.5.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 98-ஐ 3.5-ஆல் வகுத்தால் 28. அதன் வர்க்கம் 784. அதாவது அந்த 1,255 பேர், குலுக்கலில் எடுத்த 784 பேருக்குச் சமம். விகிதம் 1.6. அதே அறிக்கையில் பதிவுபெற்ற வாக்காளர்கள் 1,401 பேருக்கு ±3.3 தந்திருக்கிறார்கள். அதிலும் ஏறக்குறைய 1.6 வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே விகிதம் வருவதால், எண்களை ஒரே முறைப்படி கணக்கிட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம். உங்கள் 2.8-ஐவிடக் குறைவாகப் போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 98 என்பது, நூறு கணிப்பில் சுமார் 95-இல் உண்மை எண் வரம்புக்குள் அடங்கும் என்ற 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு உரியது. அதற்குப் பதிலாக 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 98 இருக்கும் இடத்தில் 82 வரும், வரம்பும் சுருங்கிவிடும். எத்தனை சதவீதம் என்று சொல்லாத அறிக்கையில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

அந்தக் கணிப்பில் ஹிலரி 46, டிரம்ப் 40. ஆறு புள்ளி முன்னிலை, வரம்பு மூன்றரை, ஆகவே வெற்றி உறுதி என்று படித்தவர்கள் பலர். ஆனால் 3.5 என்பது ஒருவருடைய சதவீதத்துக்கான வரம்பு. ஒருவருக்குத் தற்செயலாக ஆள் கூடும்போது பெரும்பாலும் மற்றவருக்குக் குறையும். அதனால் முன்னிலைக்கான வரம்பு இரண்டு மடங்கை ஒட்டி வரும். எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் ±6.5. ஆறு அதற்குள் அடங்கிவிடுகிறது.

முடிவில் டிரம்ப் 47.2, ஹிலரி 46.5. ஹிலரியின் எண் ஏறக்குறைய அப்படியே நின்றது. டிரம்பின் எண்தான் ஏழு புள்ளி தள்ளிப் போனது. அது எந்த வரம்புக்குள்ளும் வராது. கணிப்பில் இருவரையும் சொல்லாதவர்கள் 14 சதவீதம் பேர். பேட்டிகள் அக்டோபர் 31-இல் முடிந்தன, வாக்களிப்பு நவம்பர் 8. அந்த இடைவெளியில் மனம் மாறியவர்களையும் கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்களையும் வர்க்கமூலம் பிடிக்காது. அதற்கு அறிக்கையில் பேட்டி நடந்த தேதிகளையும், முடிவெடுக்காதவர்களின் சதவீதத்தையும் தேடிப் பாருங்கள்.