பருத்தித்துறை வடையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: பருத்தித்துறையில் வீட்டிலேயே தட்டை வடை சுட்டு ஊர்க் கடைகளுக்குப் போடுகிறேன். கிளிநொச்சிக்கும் போடலாம் என்று யோசனை. சந்தைப்படுத்தல் வகுப்பில் படித்த நான்கு 'பி'யை வைத்து இதற்கு எப்படித் திட்டம் போடுவது அண்ணா?

உற்பத்தி, விலை, இடம், மேம்படுத்தல் என்று வகுப்பில் சொல்லித்தந்த ஒழுங்கில் போகாதீர்கள் தங்கச்சி. புது ஊர் என்றால் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற மூன்றும் அதைப் பார்த்துத்தான் மாறும்.

நான் நெல்லியடியிலிருந்து முதன்முதல் கிளிநொச்சிக்கு வடை கொண்டுபோனபோது கேட்ட கடைக்கெல்லாம் போட்டேன், 14 கடை. எல்லாரும் விற்ற பிறகுதான் காசு, விற்காததைத் திருப்பித் தருவோம் என்றார்கள், நானும் சம்மதித்தேன். மூன்று கிழமை கழித்துப் போனால் மூன்றில் ஒரு பங்கு அப்படியே தொங்குகிறது, பாதி நொறுங்கி, மீதியில் பழைய எண்ணெய் மணம். வடையில் பிழை இல்லை. மெல்லிய வெளிப்படையான பையில் போட்டு வெயில் படும் வாசலில் தொங்கவிட்டால் வெளிச்சமும் சூடும் காற்றும் சேர்ந்து எண்ணெயைக் கெடுத்துவிடும். ஊரில் இது தெரியவில்லை, ஏனென்றால் அங்கே போட்ட வடை இரண்டு நாளில் முடிந்துவிடும்.

அதனால் முதலில் ஒரே வழியில் வரும் ஐந்தாறு கடைகளை மட்டும் பிடியுங்கள். கொடிகாமம் வழியாக ஏ9க்கு ஏறினால் ஆனையிறவு தாண்டிப் பரந்தன் சந்தி, பிறகு கரடிப்போக்கு, பிறகு கிளிநொச்சி பஸ் நிலையம், எல்லாம் ஒரே கோடு. ஒரு நாளில் போய்ச் சரக்குப் போட்டு, பழையதை எடுத்து, காசும் வாங்கித் திரும்பலாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கிழமையில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள், கடைக்காரரே கூடக் கேட்டாலும்.

இனி விலை. உங்கள் செலவிலிருந்து மேலே போகாமல் கடையில் விற்கும் விலையிலிருந்து கீழே வாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன், உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். பைக்கற் 200 ரூபாய், கடைக்கு 40, உங்கள் கைக்கு 160. ஒரு பயணத்துக்கு 120 பைக்கற், போக்குவரத்து 1,800 என்றால் ஒன்றுக்கு 15. உழுந்து, மா, எண்ணெய், கேஸ், பை, லேபிள் எல்லாம் 95, உங்கள் கூலி 25. அந்தக் கூலியைக் கட்டாயம் போடுங்கள், வீட்டு வேலைதானே என்று விட்டால் கணக்கே பொய்யாகிவிடும். மிஞ்சுவது பைக்கற்றுக்கு 25, மொத்தம் 3,000. சரி, இப்போது திரும்பி வருவதைப் பாருங்கள். ஒரு பைக்கற் திரும்பினால் 160 போகிறது. 18 திரும்பினால் 120 ரூபாய்தான் மிச்சம், 19 திரும்பினால் நட்டம். ஆகவே விலையை 10 ரூபாய் கூட்டலாமா குறைக்கலாமா என்பதைவிடத் திரும்பி வரும் எண்ணிக்கைதான் பெரிய விஷயம், அதைக் கடைவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

உற்பத்தியில் சுவையைத் தொடவேண்டாம், பையை மாற்றுங்கள். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள, வெளிச்சம் புகாத பை நல்லது. வடை நன்றாக ஆறிய பிறகே ஒட்டவேண்டும், சூட்டோடு ஒட்டினால் உள்ளே ஈரம் பிடித்து மொறுமொறுப்பு போய்விடும். உங்கள் ஊரில் வாங்குபவருக்கு இது யார் கைவடை என்று தெரியும், கிளிநொச்சியில் அந்த முகவரியை லேபிள்தான் சொல்லவேண்டும். சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை எல்லாம் வேண்டும். அச்சடிக்கக் கொடுக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள். முடிவுத் திகதியை மனக்கணக்கில் போடாமல், சில பைக்கற்றை வீட்டு வாசலில் தொங்கவிட்டு ஐந்து நாளைக்கு ஒன்றாக உடைத்து மணந்து பாருங்கள். மணம் மாறும் நாளுக்கு நன்றாக முன்னால் திகதியைப் போடுங்கள்.

மேம்படுத்தலுக்கு இப்போது முகநூல் விளம்பரம் வேண்டாம், ஐந்தாறு கடைக்கு அது வீண் செலவு. ஒரு சனிக்கிழமை பின்நேரம் பஸ் நிலையக் கடையில் நின்று, இரண்டு பைக்கற் உடைத்து வருபவர்களுக்குச் சாப்பிடக் கொடுங்கள். தின்று பார்த்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். நிறையப் பேர் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லியும் வாங்காமல் போனால் விலையோ பைக்கற் அளவோ அந்த ஊருக்குப் பெரிது, பாதி அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். ஆனால் பையின் செலவு பாதியாகாது, கணக்கைத் திரும்பப் போடவேண்டும்.

மூன்றாவது பயணத்தில் ஒவ்வொரு கடையின் திரும்பிய எண்ணிக்கையைப் பாருங்கள். பத்துக்கு ஒன்றுக்குள் நிற்கும் கடைகளுக்குச் சரக்கைக் கூட்டுங்கள், மூன்று தடவையும் அதிகம் திரும்பிய கடையை விட்டுவிட்டு அதே வீதியில் வேறு கடை பாருங்கள். அப்புறம் வவுனியாவைப் பற்றிப் பேசுவோம்.