60க்கு 40 என்று ஜெயித்தவர், முதல் ஓட்டிலிருந்தே முன்னிலையில் இருந்திருப்பாரா?

*கேள்வி: ஏற்காட்டில் எங்கள் விவசாயிகள் சங்கத் தேர்தலில் 100 ஓட்டு. ஏணி சின்னம் 60, பூட்டு சின்னம் 40. "முதல் ஓட்டிலிருந்து கடைசி ஓட்டு வரை ஏணிதான் முன்னிலை" என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தால் அது சாதாரணம்தானே? புத்தகத்தில் (a − b)/(a + b) என்று ஒரு சூத்திரமும் "எதிரொளிப்பு முறை" என்று ஒரு நிரூபணமும் இருக்கிறது. ஓட்டு எண்ணுவதில் எதிரொளிப்பு எங்கே வருகிறது?*

சாதாரணம் இல்லை. சீட்டுகளை நன்றாகக் கலந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்திருந்தால், ஏணி ஓரிடத்தில்கூடச் சமநிலைக்கு வராமல் முன்னிலையிலேயே இருப்பதற்கான நிகழ்தகவு 20/100, அதாவது ஐந்தில் ஒன்றுதான். சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். 60க்கு 40 என்று சொல்லி ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலோர் பாதிக்கு மேல் சொல்வார்கள். அதனால் உங்கள் ஊர்க்காரர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை.

100 ஓட்டை வைத்துக்கொண்டு விளக்கினால் கை வலிக்கும். ஏணிக்கு 5, பூட்டுக்கு 3 என்று எடுத்துக்கொள்வோம். ஏணி ஓட்டை "ஏ" என்றும் பூட்டு ஓட்டை "பூ" என்றும் எழுதலாம். எட்டு இடங்களில் பூட்டு வரும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் C(8,3) = 56. நன்றாகக் கலந்த சீட்டு என்றால் இந்த 56 வரிசைகளில் எது வேண்டுமானாலும் ஒரே வாய்ப்புடன் வரும். இவற்றில் எத்தனை வரிசைகளில் ஏணி கடைசி வரை முன்னிலையில் இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

நல்ல வரிசைகளை நேரடியாக எண்ணுவது தொல்லை. கெட்ட வரிசைகளை, அதாவது எங்கேயாவது ஒரு இடத்தில் ஏணி சமநிலையிலோ பின்தங்கியோ நிற்கும் வரிசைகளை, எண்ணுவது எளிது. அவை இரண்டு வகை. முதல் ஓட்டே பூட்டுக்கு விழுந்துவிட்டால் அந்த வரிசை அப்போதே கெட்டுவிட்டது. இந்த வகையை எண்ண யோசிக்கவே வேண்டாம்: மீதி ஏழு இடங்களில் இரண்டு பூட்டு, C(7,2) = 21. முதல் ஓட்டு ஏணிக்கு விழுந்து, பிறகு எங்கோ சமநிலை வந்து கெட்டவை இரண்டாவது வகை. சிக்கல் இதில்தான், எதிரொளிப்பு வருவதும் இங்கேதான்.

இரண்டாவது வகையில் ஒன்றைப் பாருங்கள்:

ஏ ஏ பூ பூ ஏ ஏ பூ ஏ

ஏணியின் முன்னிலை 1, 2, 1, 0 என்று போகிறது. நான்காவது ஓட்டில் முதல் சமநிலை. அதுவரை உள்ள நான்கு ஓட்டுகளை மட்டும் ஏணிக்குப் பூட்டு, பூட்டுக்கு ஏணி என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு வருவதைத் தொட வேண்டாம்:

பூ பூ ஏ ஏ ஏ ஏ பூ ஏ

சமநிலை வந்த இடம் வரை இருவருக்கும் ஓட்டு சமம். அதனால் அந்தப் பகுதியில் ஓட்டுகளை இடம் மாற்றினாலும் மொத்தக் கணக்கு குலையாது. இன்னும் 5, 3 தான். ஆனால் வரிசை இப்போது பூட்டில் ஆரம்பிக்கிறது. அதாவது இரண்டாவது வகை ஒன்று முதல் வகை ஒன்றாக மாறிவிட்டது. முன்னிலையை ஒரு வரைபடமாக வரைந்தால், முதல் சமநிலை வரை உள்ள துண்டு பூஜ்யக் கோட்டுக்குக் கீழே அப்படியே பிம்பமாக விழும். எதிரொளிப்பு என்ற பெயர் இதனால்தான்.

திரும்பி வரவும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பூட்டில் ஆரம்பிக்கும் எந்த வரிசையையும் எடுங்கள். தொடக்கத்தில் ஏணி பின்தங்கியிருக்கிறது, கடைசியில் ஜெயிக்கிறது. ஒரு ஓட்டுக்கு முன்னிலை ஒன்று மட்டுமே ஏறும் அல்லது இறங்கும். ஆகவே நடுவில் சமநிலையைத் தொடாமல் மேலே வரவே முடியாது. அந்த முதல் சமநிலை வரை மாற்றினால் ஏணியில் ஆரம்பிக்கும் ஒரு கெட்ட வரிசை கிடைக்கும். மாற்றிய பிறகும் முதல் சமநிலை அதே இடத்தில்தான் இருக்கும் என்பதால், இரண்டு முறை மாற்றினால் பழைய வரிசை அப்படியே திரும்பிவிடும்.

பரீட்சைத் தாளில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "ஏதாவது ஒரு சமநிலை வரை மாற்று" என்று எழுதிவிடுவார்கள். ஏ பூ ஏ பூ ஏ ஏ பூ ஏ என்ற வரிசையில் சமநிலை இரண்டு இடத்தில் வருகிறது. எதுவரை மாற்றுவது என்று விதி இல்லாவிட்டால் ஒரே வரிசைக்கு இரண்டு ஜோடி கிடைத்துவிடும், எண்ணிக்கை குழம்பிவிடும். "முதல்" என்ற சொல்லை விடக்கூடாது.

சரி, இரண்டு வகையும் சம எண்ணிக்கை. கெட்டவை 21 + 21 = 42. நல்லவை 56 − 42 = 14. நிகழ்தகவு 14/56 = 1/4, சூத்திரம் சொல்லும் (5 − 3)/(5 + 3) அதுவேதான். பொதுவாக ஏணிக்கு a ஓட்டு, பூட்டுக்கு b ஓட்டு என்றாலும் இதே கதைதான். முதல் ஓட்டு பூட்டுக்கு விழும் நிகழ்தகவு b/(a + b). கெட்டவை அதைப் போல இருமடங்கு. 1 − 2b/(a + b) என்று எழுதினால் (a − b)/(a + b) வந்து நிற்கிறது.

இந்தச் சூத்திரத்தை விட்வொர்த் 1878இலேயே சொல்லிவிட்டார். 1887இல் பெர்ட்ராண்ட் மறுபடி எழுப்பினார், அதே ஆண்டில் தெசிரே ஆந்த்ரே ஒரு சுருக்கமான நிரூபணம் தந்தார். எதிரொளிப்பு ஆந்த்ரேயுடையது என்று பல புத்தகங்களில் இருக்கிறது. உண்மையில் அவர் வரிசையை ஓரிடத்தில் வெட்டித் துண்டுகளை இடம் மாற்றினார்; எதையும் பிரதிபலிக்கவில்லை.

உங்கள் 60, 40க்கு வருவோம். ஐந்தில் ஒன்று என்பது ஏன் இவ்வளவு குறைவு? கெடுவதெல்லாம் ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. முதல் ஓட்டே பூட்டுக்கு விழ 40 சதவீதம். ஏ, பூ என்று வந்து இரண்டாவது ஓட்டில் சமநிலை ஆக (60/100) × (40/99), சுமார் 24 சதவீதம். ஏ ஏ பூ பூ என்று நான்காவதில் சமநிலை ஆக இன்னும் சுமார் 6 சதவீதம். மொத்தமாகக் கெடக்கூடிய 80இல் 70, முதல் நான்கு சீட்டுகளுக்குள் முடிந்துவிட்டது. ஏணி அந்த நான்கைத் தாண்டிவிட்டால் பிறகு பயம் குறைவு. அதனால்தான் 60,000க்கு 40,000 என்றாலும் விடை அதே ஐந்தில் ஒன்று. வித்தியாசம் 20,000 ஓட்டு என்பது முதல் சில சீட்டுகளுக்கு எந்த உதவியும் செய்யாது.

"முன்னிலை" என்று உங்கள் ஊரில் எதைச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சமநிலை வந்தால் பரவாயில்லை, பின்தங்காமல் இருந்தால் போதும் என்றால் கணக்கு வேறு. அப்போது ஏணி முதன்முதலாக ஒரு ஓட்டு பின்தங்கும் இடம் வரை மாற்ற வேண்டும். அந்தப் பகுதியில் பூட்டுக்கு ஒரு ஓட்டு அதிகம் என்பதால், மாற்றியதும் மொத்தம் 61, 39 ஆகிவிடும். மறுபக்கம், 61, 39 உள்ள எந்த வரிசையிலும் ஏணி ஒரு கட்டத்தில் முதன்முதலாக ஒரு ஓட்டு முன்னிலை பெறத்தான் வேண்டும். அதுவரை மாற்றினால் பழையது திரும்பும். எனவே கெட்டவை C(100,39). இதை C(100,40)ஆல் வகுத்தால் 40/61. பின்தங்காமலே இருக்கும் நிகழ்தகவு 21/61, சுமார் 34 சதவீதம்.

இனி முக்கியமான கேள்வி: உங்கள் சங்கத்தில் சீட்டுகளைக் கலந்தார்களா? மேலே சொன்ன எல்லாமே 100 சீட்டும் ஒன்றாகக் கலந்திருக்கிறது என்பதை நம்பித்தான் நிற்கிறது. நாகலூருக்கு ஒரு பெட்டி, மஞ்சக்குட்டைக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் 50 ஓட்டு என்று கற்பனை செய்யுங்கள். நாகலூரில் ஏணிக்கு 45, பூட்டுக்கு 5. மஞ்சக்குட்டையில் ஏணிக்கு 15, பூட்டுக்கு 35. மொத்தம் அதே 60, 40.

முதலில் நாகலூர்ப் பெட்டியைத் திறந்து எண்ணி முடித்தால் ஏணி 40 ஓட்டு முன்னிலை. அடுத்த பெட்டியில் பூட்டுக்கு இருப்பதே 35 தான். அத்தனையும் வரிசையாக வந்தாலும் சமநிலை ஆகாது. ஆக முதல் பெட்டிக்குள் தாக்குப்பிடித்தால் போதும். அதன் நிகழ்தகவு (45 − 5)/50, அதாவது 80 சதவீதம். மஞ்சக்குட்டைப் பெட்டியை முதலில் திறந்தால்? அது முடியும்போது ஏணி 20 ஓட்டு பின்தங்கி நிற்கும். நிகழ்தகவு பூஜ்யம். ஓட்டு ஒன்றுகூட மாறவில்லை, பெட்டி திறந்த வரிசை மட்டும் மாறியது.

அதனால் எண்ணிக்கைத் தாள் கையில் கிடைத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டிகளைத் தனித்தனியாக எண்ணினார்களா, ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்களா என்பது ஒன்று. சீட்டுக்குச் சீட்டு கோடு போட்டார்களா, பத்துப் பத்தாகக் கூட்டிக் கரும்பலகையில் எழுதினார்களா என்பது இன்னொன்று. பத்துப் பத்தாக எழுதியிருந்தால் முதல் நான்கு சீட்டில் பூட்டு முந்தியிருந்தாலும் பலகையில் தெரியாது. சட்டமன்றத் தேர்தலில் "எல்லாச் சுற்றிலும் முன்னிலை" என்று அறிவிப்பதும் சுற்று முடிவில் மட்டும் பார்த்துச் சொல்வதுதான். ஓட்டுகள் கலந்திருந்தால் அதற்கான வாய்ப்பு (a − b)/(a + b) சொல்வதைவிட அதிகம். உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது பலகையைப் பார்த்துச் சொன்னதாக இருந்தால், அது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சீட்டுக்குச் சீட்டு பார்த்துச் சொன்னார்கள், சீட்டும் கலந்திருந்தது என்றால் ஐந்தில் ஒரு முறை நடப்பது நடந்திருக்கிறது.